காசிமேட்டிலிருந்து வந்த கடிதம்

(நன்கொடையாளர் ஐக்கியக் கூட்டத்தில் நமது நரம்பியல் பிரிவு மருத்துவர் ஆற்றிய உரை)



வருஷத்துக்கு ஒருமுறை நீங்கள் இங்கே கூடும்போது எத்தனை பிரசவம், எத்தனை கண் ஆபரேஷன், எத்தனை படுக்கை என்று கணக்குச் சொல்வது வழக்கம். கண்காணிப்பாளர் ஐயா அதையெல்லாம் நன்றாகவே சொல்லி முடித்துவிட்டார். எனக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தில் நான் ஒரு கடிதத்தை வாசிக்க விரும்புகிறேன். எழுதியவர் அனுமதி கொடுத்திருக்கிறார். அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியும் இருக்கிறேன்.

"மதிப்பிற்குரிய டாக்டரம்மா அவர்களுக்கு, காசிமேட்டிலிருந்து எழுதிக்கொள்வது. போன மாதம் என் அத்தையை ஆட்டோவில் கைத்தாங்கலாக அழைத்து வந்தவன் நான்தான். அத்தைக்கு மருந்து எழுதிவிட்டு, இது நரம்பு வியாதி, வம்சத்தில் வருவது என்று சொன்னீர்கள். பிறகு என்னிடம், உங்களுக்கு இதைப்பற்றிப் பேசவேண்டும் என்று தோன்றினால் தனியாக வாருங்கள், அவசரம் ஒன்றுமில்லை என்றீர்கள். அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை.

என் நைனா விசைப்படகில் டிரைவராக இருந்தவர். அவருக்கு 42 வயதில் ஆரம்பித்தது. தோள் தானாகத் தூக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே விரல்கள் வலை பின்னுவதுபோல ஆடும். படகில் தள்ளாடி நடப்பார். குடித்துவிட்டு வருகிறான் என்று முதலாளி இறக்கிவிட்டார். அதுவரை நைனா குடித்ததே இல்லை. இறக்கிவிட்ட பிறகுதான் குடித்தார். கோபம் வந்தால் யாரென்று பார்க்கமாட்டார். கடைசியில் கஞ்சி குடித்தாலும் புரையேறி, எலும்பும் தோலுமாகி, 56 வயதில் போய்விட்டார். பாட்டிக்கும் இப்படித்தான் இருந்ததாம். பேய் என்று எங்கெங்கோ கூட்டிப் போனார்களாம்.

இப்போது எனக்கு வயது 34. டம்ளர் கைதவறினால் மனசு பதறுகிறது. விரல் துடித்தால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை. எல்லாரும் தூங்கின பிறகு விளக்கைப் போட்டு, கையை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. நைனா குடித்துச் செத்தார் என்றே பெண் கேட்கும்போது சொன்னோம். குடி என்றால் பெண் கொடுப்பார்கள். வியாதி என்றால் கொடுக்கமாட்டார்கள்.

எனக்கு ஒரு பெண் பிள்ளை, ஏழு வயது. இன்னொரு பிள்ளை வேண்டும் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு விசைப்படகில் பங்கு போட என்னைக் கூப்பிடுகிறார்கள், எட்டு லட்சம் கடன் வாங்கவேண்டும். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கேள்விப்பட்டேன். அண்ணன் தங்கை இரண்டு பேரில் ஒருவருக்கு வரும் என்றால், எனக்கு இல்லை என்று வந்தால் அவளுக்கு இருக்கிறது என்று அர்த்தமா? என் பிள்ளைக்கும் சேர்த்தே எடுத்துவிடலாமா? டாக்டரம்மா, நீங்கள் எடு என்றால் எடுக்கிறேன்."

கடிதம் இவ்வளவுதான். கடைசி வரிதான் என்னை நிறுத்திவிட்டது. சளியில் காசநோய்க் கிருமி பார்க்கவேண்டுமா, சர்க்கரை பார்க்கவேண்டுமா என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் பார் என்பேன். கண்டுபிடித்தால் மருந்து இருக்கிறது. இந்தச் சோதனையில் நான் அப்படிச் சொல்லக்கூடாது. அதன் காரணத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த வியாதிக்கு ஹன்டிங்டன் நோய் என்று பெயர். 1872-ஆம் ஆண்டு ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற 22 வயது அமெரிக்க டாக்டர் இதைத் தெளிவாக எழுதினார். அவருடைய தகப்பனாரும் தாத்தாவும் அதே ஊரில் வைத்தியம் பார்த்தவர்கள். மூன்று தலைமுறை வைத்தியர்கள் மூன்று தலைமுறை நோயாளிகளைப் பார்த்திருந்தபடியால், இது குடும்பத்தில் இறங்குகிறது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் நடுவே ஆரம்பிக்கும். மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. கைகால் ஆட்டம் வெளியே தெரிவது. அதற்கு முன்பே கோபம், மனச்சோர்வு, வேலையைத் திட்டமிட முடியாத குழப்பம் வந்திருக்கும். ஆரம்பித்தபின் சுமார் 15 முதல் 20 வருஷம் போகும். ஆட்டத்தைக் குறைக்க டெட்ராபெனசின் என்ற மாத்திரை உண்டு, மனச்சோர்வுக்கும் நல்ல மருந்துகள் உண்டு. வியாதியை நிறுத்தும் மருந்து எங்கள் மருந்தகத்தில் இல்லை. 2025 செப்டம்பரில், மூளைக்குள் ஆபரேஷன் மூலம் செலுத்தும் ஒரு ஜீன் சிகிச்சை வியாதியின் வேகத்தைக் குறைத்தது என்று செய்தி வந்தது. அந்தப் பத்திரிகைத் துண்டை இவரே வெட்டிக்கொண்டு வந்தார். மிகச் சிலரிடம் செய்து பார்த்தது, நல்ல செய்திதான், ஆனால் அதை நம்பி இன்றைக்கு எதையும் தீர்மானிக்கவேண்டாம் என்றேன்.

குடிகாரன் என்ற பட்டம் காசிமேட்டுக்கு மட்டும் உரியதல்ல. தென் அமெரிக்காவில் வெனிசுவேலா நாட்டில் மரக்கைபோ என்று ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் நம்முடைய குப்பங்களைப்போல மீனவர் குடியிருப்புகள். 1950-களில் அமெரிக்கோ நெக்ரெத்தே என்ற டாக்டர் அங்கே வேலைக்குப் போனபோது, பட்டப்பகலில் இத்தனை பேர் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார்களே என்று நினைத்தார். அவர்கள் குடிக்கவில்லை. உலகத்திலேயே ஹன்டிங்டன் நோய் மிக அதிகமாக இருந்த குடும்பங்கள் அவை. நான்சி வெக்ஸ்லர் என்ற அமெரிக்க அம்மையார் 1979 முதல் வருஷாவருஷம் ஒரு குழுவோடு அங்கே போய், வம்ச வரலாறு எழுதி, இரத்தம் சேகரித்தார். அந்த மீனவர்கள் கொடுத்த இரத்தத்தின் உதவியால்தான் 1983-இல் இந்தக் கோளாறு நான்காவது குரோமோசோமில் இருக்கிறது என்று தெரிந்தது. 1993-இல் ஜீனே பிடிபட்டது.

அந்த அம்மையாரின் தாயாரே இந்த வியாதியால் 1978-இல் இறந்தவர். அவருக்கே பாதிக்குப் பாதி அபாயம் இருந்தது. சோதனை சாத்தியமானபோது, அதற்காக அத்தனை வருஷம் உழைத்தவர், தாம் அதைச் செய்துகொள்ளவில்லை. தமக்கு வியாதி இருப்பதை 2020-இல் வெளிப்படையாகச் சொன்னார். இதை நான் காசிமேட்டு நண்பரிடம் சொன்னபோது, "அவங்களே எடுக்கலையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அவர் முதல் தடவை தனியாக வந்தது மார்ச் மாதத்தில். ஒரு பெரிய தாளை எடுத்து வைத்துக்கொண்டு பாட்டியிலிருந்து வம்சத்தை எழுதினோம். அவருடைய கணக்கைத்தான் முதலில் திருத்தினேன். வியாதி உள்ள தகப்பனுக்கோ தாய்க்கோ பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆணென்றும் பெண்ணென்றும் வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு தனியாகச் சுண்டப்படுகிறது. அண்ணனுக்குப் பூ விழுந்ததா தலை விழுந்ததா என்பது தங்கையின் காசுக்குத் தெரியாது. ஆகவே அவருடைய முடிவு எதுவானாலும் தங்கையைப்பற்றி அது ஒன்றும் சொல்லாது. இன்னொன்றும் சொன்னேன். இது ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதிக்காது. அவருக்கு அந்த ஜீன் இறங்கவில்லை என்றால் அவருடைய மகளுக்கும் கவலையில்லை.

பிறகு பரிசோதனை. தொடுவதற்கு முன்பே கேட்டேன்: "உங்களைப் பார்க்கும்போது எனக்கு ஏதாவது தெரிந்தால், சொல்லட்டுமா, வேண்டாமா?" இதைக் கேட்காமல் ஆரம்பித்தால், இரத்தம் எடுக்காமலே தீர்ப்புச் சொன்னவள் ஆகிவிடுவேன். அவர் சொல்லுங்கள் என்றார். என் விரலைக் கண்ணால் தொடரச் சொன்னேன், தலை ஆடாமல் தொடர்ந்தார். நாக்கை நீட்டிப் பத்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொன்னேன். இந்த வியாதி ஆரம்பித்தவர்களுக்கு நாக்கு வெளியே நிற்காது, உள்ளே போய்ப்போய் வரும். அவருக்கு நின்றது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வேகமாகத் தட்டுவது, ஒரு கோட்டின்மேல் குதிகாலும் கால்விரலும் ஒட்டி நடப்பது, எல்லாம் சரி. டம்ளர் கைதவறியது தூக்கமில்லாத மனுஷனுடைய கை. முகத்தில் இரத்தம் திரும்பியது. ஆனாலும் இது இன்றைக்கு மட்டுமான பதில் என்று சொல்லாமல் விட முடியவில்லை.

அடுத்து அவர் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னேன். "முதலில் உங்கள் இரத்தம் வேண்டாம். அத்தையின் இரத்தம் வேண்டும்." வெளியே இதேபோல் தோன்றும் வேறு பரம்பரை வியாதிகளும் உண்டு. நைனாவுக்கு எந்தச் சோதனையும் செய்யப்படவில்லை. அந்தக் குடும்பத்தில் இருப்பது வேறொரு வியாதியாக இருந்து, நான் இவருக்கு ஹன்டிங்டன் சோதனை மட்டும் செய்து, இல்லை என்று வந்துவிட்டால்? விடுதலை என்று நினைத்துக் கடன் வாங்கி, பிள்ளை பெற்று, பத்து வருஷம் கழித்துத் தள்ளாடிக்கொண்டு என்னிடம் வருவார். வியாதி வந்தவரிடம் முதலில் நிச்சயித்துக்கொண்டால்தான், வராதவரிடம் கிடைக்கும் "இல்லை" என்பதற்கு மதிப்பு. அவசரப்படும் இடங்களில் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

அத்தைக்கு வயது 55. பேச்சு குழறும், ஆனால் எல்லாம் புரியும். அவரிடமே கேட்டோம். "புள்ளைங்களுக்கு உதவும்னா எடுத்துக்கம்மா" என்று கையை நீட்டினார். அந்தக் கை ஆடாமல் இருக்க இரண்டு நர்சுகள் பிடிக்கவேண்டியிருந்தது. இந்தச் சோதனை செய்யும் வசதி நம்மிடம் இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் செய்கிறார்கள், அங்கே அனுப்பினோம்.

வந்தது ஓர் எண்: 44. இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஒரு குறிப்பிட்ட ஜீனில் சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நம் எல்லாருக்கும் வருகின்றன. 26 தடவைவரை இருந்தால் கவலையில்லை. 40-ம் அதற்கு மேலும் இருந்தால், அந்த மனுஷர் சாதாரண ஆயுசு வாழ்ந்தால் வியாதி வரும். 36 முதல் 39 வரை உள்ளவர்களுக்கு வரலாம், வராமலும் போகலாம். 27 முதல் 35 வரை உள்ளவர்களுக்கு வராது, ஆனால் பிள்ளைக்கு இறங்கும்போது எண் கூடிவிடும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு, அதிலும் தகப்பன் வழியாக இறங்கும்போது. ஆகையால் சோதனைக்கு வருகிறவர்கள் ஆம், இல்லை என்ற இரண்டு பதில்களை மட்டும் எதிர்பார்த்து வரக்கூடாது. நடுவில் ஒரு மங்கலான இடமும் இருக்கிறது. எண் பெரிதானால் சராசரியாகச் சீக்கிரம் வரும் என்பது உண்மை. ஆனால் 43 என்று வந்த ஒருவருக்கு, எந்த வயதில் ஆரம்பிக்கும் என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் என்று கணக்காகச் சொல்லப்பட்டது. அந்தப் பதினைந்தாம் வருஷத்தில் அவர் எப்படித் தூங்கினார் என்று வேதத்தில் எழுதியில்லை, நான் பலமுறை யோசித்திருக்கிறேன். என் நோயாளிகளுக்கு அந்தக் கணக்குகூடக் கிடைப்பதில்லை. வரும் என்பது தெரியும், எப்போது என்பது தெரியாது.

இதற்கிடையில் ஒரு காரியம் நடந்துவிட்டது. அத்தையின் இளைய மகன் யாரிடமும் சொல்லாமல் ஒரு லேபுக்குப் போய் இரத்தம் கொடுத்தார். பத்து நிமிஷம்கூட யாரும் அவரிடம் பேசவில்லை. ரிப்போர்ட்டைக் கவுண்டரில் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதில் 42 என்று இருந்தது. சர்க்கரை 42 என்றால் குறைவுதானே, அதுபோல நமக்கு வியாதி குறைவு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். அத்தைக்கு 44 என்பது வீட்டில் தெரியும். யாரோ ஒருவர், உனக்கும் அதே மாதிரிதானே இருக்கிறது என்று சொல்ல, அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. வயது 29. மூன்று வாரம் கடலுக்குப் போகவில்லை. இப்போது நம்முடைய மனநல ஆலோசகர் அம்மாவிடம் வந்துகொண்டிருக்கிறார். தெரிந்ததைத் தெரியாததாக ஆக்க எங்களுக்கு வழியில்லை.

இப்படி நடக்கக்கூடாது என்றுதான் ஜீன் கண்டுபிடித்த மறு வருஷமே, 1994-இல், நோயாளிக் குடும்பங்களின் சர்வதேச சங்கமும் நரம்பியல் மருத்துவர்களும் சேர்ந்து விதிமுறைகள் வகுத்தார்கள். அவை எளிமையானவை. சோதனைக்கு முன் முழு விளக்கம் கொடுக்கவேண்டும். விளக்கத்துக்கும் தீர்மானத்துக்கும் நடுவில் குறைந்தது ஒரு மாதமாவது விடவேண்டும். நம்பிக்கையான ஒருவர் கூட வரவேண்டும், ஆனால் அவருக்கே அபாயம் உள்ள சகோதரர் சகோதரியாக இல்லாதிருப்பது நல்லது. முடிவை நேரில்தான் சொல்லவேண்டும், போனிலோ தபாலிலோ கூடாது. கடைசி நிமிஷத்தில், கவர் மேஜையின்மேல் இருக்கும்போதுகூட, வேண்டாம் என்று எழுந்து போக அவருக்கு உரிமை உண்டு. 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு, வியாதியின் அறிகுறி இல்லாதபோது, செய்யக்கூடாது. ஆகவே மகளைப்பற்றி அவர் கேட்டதற்குப் பதில் சுலபம். அந்த முடிவு அந்தப் பெண் வளர்ந்து எடுக்கவேண்டியது, தகப்பன் அதை முன்கூட்டியே செலவழித்துவிடக் கூடாது.

ஏப்ரல் 15-ஆம் தேதி தடைக்காலம் ஆரம்பித்தது. வருஷந்தோறும் 61 நாள், ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அவருக்கும் நேரம் இருந்தது. நான் ஒரே ஒரு வேலை கொடுத்தேன். "நீங்கள் சொன்ன ஒவ்வொரு காரியத்துக்கும், முடிவு கெட்டதாக வந்தால் மறுநாள் காலையில் என்ன செய்வீர்கள், நல்லதாக வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால், அந்தக் காரியத்துக்குச் சோதனை தேவையில்லை." மனைவியிடம் சொல்லாமல் இதை எழுத முடியாது என்பதையும் சொன்னேன்.

பிள்ளை விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டராகிய எனக்கு அதில் தயக்கம் இருந்தது, ஆனாலும் மறைப்பது நேர்மையல்ல. கர்ப்பத்தின் 11-ஆவது வாரத்துக்குப் பிறகு சிசுவையும் சோதிக்க முடியும். ஆனால் முடிவு எதுவானாலும் கர்ப்பத்தைத் தொடருவோம் என்கிற தம்பதிகள் அந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. செய்தால், பிறக்கப்போகிற பிள்ளையின் சம்மதம் இல்லாமல் அதன் தலையெழுத்தைப் படித்து வைத்துக்கொண்டு வளர்க்கவேண்டிவரும். இதைச் சொல்லிவிட்டுத் தீர்மானத்தை அவர்களிடம் விட்டுவிட்டேன்.

இன்னொரு கேள்வியையும் நேராகவே கேட்டேன்: உயிரை மாய்த்துக்கொள்ள எப்போதாவது நினைத்தது உண்டா? இப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். கேட்காமல் இருப்பதுதான் ஆபத்து. ஒருமுறை கடலில், இரவில், என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவரை ஆலோசகர் அம்மாவிடம் உட்காரவைத்த பிறகே வீட்டுக்கு அனுப்பினேன்.

ஜூன் மாதம் இரண்டாவது கடிதம் வந்தது. அதில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்கிறேன்.

"டாக்டரம்மா, நீங்கள் சொன்னபடி வீட்டில் சொல்லிவிட்டேன். அவள் வியாதிக்கு அழவில்லை. 'உங்கப்பா குடிச்சு செத்தாருன்னு சொல்லி, எட்டு வருஷமா ராத்திரி ராத்திரி உன் வாயை மோந்து பாக்க வெச்சியே' என்றுதான் அழுதாள். எண்ணூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஒன்பதாம் நாள் தானாகவே வந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம்.

இன்னொரு பிள்ளை: கெட்டது வந்தால் வேண்டாம். நல்லது வந்தாலும், இருக்கிற பிள்ளையைப் படிக்கவைக்கவே நமக்குச் சரியாக இருக்கும், வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். ஊர் சொல்வதை ஊரோடு விட்டுவிடலாம் என்கிறாள். படகுப் பங்கு: கெட்டது வந்தால் எட்டு லட்சம் கடன் அவள் தலையில் விழும். நல்லது வந்தால் வாங்கலாம். இதற்கு மட்டும்தான் டெஸ்ட் வேண்டியிருந்தது. அதற்கும் அவளே வழி சொன்னாள். கையில் இருக்கிற இரண்டு லட்சத்தை வைத்து அவள் துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்கப்போகிறாள். நான் இப்போது போகிற படகிலேயே போகிறேன். எனக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தொழில் நிற்காது. தங்கை விஷயம் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

அப்புறம் மீதி இருப்பது ராத்திரி விளக்கைப் போட்டுக் கையைப் பார்ப்பதுதான். அதற்காக எடுக்கலாமா என்று யோசித்தேன். இப்போது அவளும் முழித்துக்கொள்கிறாள். கையைக் காட்டு என்று அவளே பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை படு என்கிறாள். இப்போதைக்கு வேண்டாம் டாக்டரம்மா. பிறகு வேண்டும் என்றால் வருகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை நாக்கை நீட்ட மட்டும் வருகிறேன்."

உண்மையைச் சொல்கிறேன், இவர் எடுத்துக்கொள்வார் என்றே நான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். அப்படிப்பட்ட மனுஷர், எதையும் நேருக்கு நேர் பார்க்கிறவர். ஆனால் உலகம் முழுவதும் இப்படித்தான் நடந்திருக்கிறது. சோதனை வருவதற்கு முன் கேட்டபோது, அபாயத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் எடுப்போம் என்றார்கள். வந்தபிறகு பல நாடுகளில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே எடுத்தார்கள். எடுத்தவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்லவில்லை. தெரியாமல் இருப்பதே தாங்கமுடியாதவர்கள் உண்டு, கெட்ட முடிவு வந்தும் அவர்களில் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். நல்ல முடிவு வந்தவர்களிலும் சிலர் தடுமாறுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் தப்பியது என்று அண்ணன் தம்பி முகத்தைப் பார்க்க முடியாமல் போகிறவர்களும், எப்படியும் சாகப்போகிறோம் என்று கைமுதலைக் கரைத்துவிட்டு இப்போது முழு ஆயுசையும் எதிரில் காண்கிறவர்களும் உண்டு.

அவருடைய தெருவில் இன்னும் சிலர், எந்தச் சாபம், யார் செய்த பாவம் என்று கேட்கிறார்களாம். பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் ஆண்டவரிடம் கேட்ட அதே கேள்விதான். அவர் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். அத்தை வீட்டுக்குப் போகும் நம்முடைய நர்ஸ் அந்தப் பதிலைத் தெருவில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு வந்தார். அதற்கு நான் அவரைக் கண்டிக்கவில்லை.

உங்கள் காணிக்கை இதில் எங்கே செலவாயிற்று என்று கேட்பீர்கள். அத்தையின் சோதனைக்கும், இந்தக் குடும்பத்தோடு ஆலோசகர் அம்மா செலவிட்ட நேரத்துக்கும் ஒரு பகுதி. மீதி அத்தையின் சாப்பாட்டுக்கு. ஓயாமல் ஆடும் சரீரம் சும்மா இருப்பவர்களைவிட மிக அதிகமாக ஆகாரம் கேட்கும். நாம் சாப்பிடும் அளவு கொடுத்தால் கண்முன்னே மெலிந்துபோவார்கள். நைனா எலும்பும் தோலுமானதற்கு அதுவும் காரணம். தண்ணீர்போன்ற கஞ்சிதான் புரையேறும், கூழ்போலக் கெட்டியாக இருப்பது இறங்கும். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றே தாழ்த்தி, சிறு சிறு கரண்டியாக, பேச்சுக் கொடுக்காமல் ஊட்டவேண்டும். நம்முடைய நர்ஸ் இதை அத்தையின் மருமகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அத்தை ஐந்து மாதத்தில் நான்கு கிலோ கூடியிருக்கிறார்.

தங்கையைப்பற்றிக் கேட்பீர்கள். அந்தப் பெண்ணுக்கு வயது 24. அண்ணன் வேண்டாம் என்று முடிவு செய்த அடுத்த மாதம் தனியாக வந்து, "எனக்குத் தெரியணும் மேடம்" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்களா என்று விசாரித்தேன். அப்படியிருந்தால் நான் சம்மதித்திருக்கமாட்டேன். அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, நான் தெரிந்துகொண்டுதான் கழுத்தை நீட்டுவேன் என்றாள். அவளுக்கும் அதே விளக்கம், அதே ஒரு மாதம். துணைக்கு அண்ணியை அழைத்து வருகிறாள். முடிவு சொல்லும் தேதியைக் குறித்திருக்கிறோம். அது எந்த நாள் என்றும், வந்தபின் என்ன என்றும் நான் எந்த மேடையிலும் சொல்லமாட்டேன். பெயர் தெரியாமலே அவளுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த நாற்காலி. சாதாரண நாற்காலியில் அத்தை ஆடி ஆடிக் கீழே நழுவிவிடுவார், இரண்டு நாற்காலிகள் உடைந்தும் போயின. காசிமேட்டில் படகு கட்டும் ஆசாரி ஒருவரிடம் அண்ணன் மகன் போய்ச் சொல்ல, அவர் கனமான மரத்தில், உட்காருமிடம் பின்னால் தாழ்ந்து, இரண்டு பக்கமும் உயரமான கை வைத்து ஒன்று செய்து கொடுத்தார். பஞ்சு மெத்தை நாம் தைத்தோம். மரத்துக்கு மட்டும் பில் வந்திருக்கிறது. கூலி எவ்வளவு என்று கேட்டு அனுப்பினேன், இன்னும் பதில் வரவில்லை.